மைனஸ் மூன்று மில்லிமீட்டர் மழை

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மழைக்கணக்கு காலை 8.30-க்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30-க்கு முடிகிறது. முக்கிய நிலையங்களில் நடுவே மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையும் அளவு எடுப்பார்கள். பருவமழைக் காலத்து நாள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. காலை 8.30-க்கு மொத்தம் சுழி. 11.30-க்கு 2 மி.மீ. பிற்பகல் 2.30-க்கு 4 மி.மீ. பிறகு கொட்டித் தீர்க்கிறது: மாலை 5.30-க்கு 64 மி.மீ. இரவு 8.30-க்கு 66. அதன்பின் மழை விட்டுவிடுகிறது, 11.30-க்கும் அதே 66.

இவை எல்லாம் அந்தந்த நேரம் வரை பெய்ததன் மொத்தம். வடிகால் வாய்க்காலுக்குக் கணக்குப் போடும் பொறியாளருக்கு இந்த ஆறு எண்கள் போதாது. ஒவ்வொரு பத்து நிமிடத்திலும் எவ்வளவு பெய்தது என்று அவருக்குத் தெரிய வேண்டும். அதற்கு இந்த ஆறு புள்ளிகள் வழியாகவும் ஒரு கோடு போட்டு, இடையில் வேண்டிய இடத்தில் வாசித்துக்கொள்ள வேண்டும். புள்ளிகளுக்கு நடுவே இருக்கும் மதிப்புகளை இப்படி நிரப்புவதைத்தான் இடைச்செருகல் என்கிறோம்.

இதற்குப் பெரும்பாலோர் கை நீட்டுவது முப்படி ஸ்ப்லைன் என்னும் வளைகோட்டைத்தான். கணிப்பொறியில் ஒரே வரியில் கிடைத்துவிடும், பார்க்கவும் வழவழப்பாக இருக்கும். மேலே சொன்ன ஆறு எண்களுக்கு அதைப் போட்டால் பிற்பகல் ஒன்றேகால் மணிக்கு அதுவரை பெய்த மொத்த மழை மைனஸ் 3.1 மி.மீ. என்று விடை வருகிறது. மாலை ஆறே முக்காலுக்கு 71.3 மி.மீ. என்கிறது, முழு நாளிலும் பெய்தது 66 தான் என்றாலும். மழை விட்ட பிறகும் அந்தக் கோடு 64.2 வரை இறங்கி மீண்டும் 66-க்கு ஏறுகிறது. பெய்த மழை மானியிலிருந்து வானத்துக்குத் திரும்பிப் போனதாகத்தான் இதற்குப் பொருள்.

மென்பொருளில் பிழை எதுவும் இல்லை. ஸ்ப்லைன் தன்னிடம் கேட்டதைச் சரியாகத்தான் செய்தது. நாம்தான் அதனிடம் ஒரு விஷயத்தைச் சொல்லவில்லை: இந்த எண்கள் ஏறலாம், நிற்கலாம், ஒருபோதும் இறங்கக் கூடாது. புள்ளிகள் ஏறிக்கொண்டே போனால் கோடும் ஏறிக்கொண்டே போக வேண்டும் என்ற அந்த ஒரு நிபந்தனையை வளைகோட்டுக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் இங்கே பார்க்கப்போவது.

எளிய வழி ஒன்று உண்டு. புள்ளிகளை நேர்க்கோடுகளால் இணைத்துவிடலாம். ஏறும் புள்ளிகளை இணைக்கும் நேர்க்கோடு எங்கும் இறங்காது. பல வேலைகளுக்கு அதுவே போதும், அதைக் கையாள யாரும் தயங்க வேண்டியதில்லை. ஆனால் நேர்க்கோட்டின் சாய்வுதான் மழையின் வேகம். பிற்பகல் 2.30 மணி அடித்ததும் மணிக்கு 0.7 மி.மீ. ஆக இருந்த வேகம் ஒரே நொடியில் 20 மி.மீ. ஆகத் தாவி, மாலை 5.30-க்கு அதேபோல் ஒரே நொடியில் விழும். அந்தத் தாவல் மழையால் வந்ததில்லை, நாம் அளவெடுத்த நேரத்தால் வந்தது. அதை மழுப்பத்தான் வளைகோடு தேவைப்படுகிறது.

இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு முப்படிக் கோவையைப் பொருத்த நான்கு தகவல் வேண்டும். இரு முனைகளின் உயரம் இரண்டு. மீதி இரண்டுக்கு, இரு முனைகளிலும் கோடு எந்தச் சாய்வில் கடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும், கோடு ஒன்றே ஒன்றுதான் அமையும். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணிதர் சார்ல் எர்மித் பெயரால் இதை எர்மித் இடைச்செருகல் என்பார்கள். ஒரு துண்டு முடியும் புள்ளியில் அடுத்த துண்டும் அதே சாய்வில் தொடங்கினால் இணைப்பு உடைந்து தெரியாது. ஆகவே உயரங்கள் மானி தந்தவை, சாய்வுகள் நாம் தருபவை. ஒவ்வொரு புள்ளியிலும் என்ன சாய்வு வைக்கிறோம் என்பதிலேயே வளைகோட்டின் குணம் முழுவதும் அடங்கிவிடுகிறது. ஸ்ப்லைனும், அதற்கு மாற்றாக வந்தவையும், எல்லாமே துண்டு துண்டான முப்படிக் கோவைகள்தாம். சாய்வைத் தேர்ந்தெடுக்கும் விதி மட்டுமே வேறு.

ஸ்ப்லைனின் விதி, சாய்வு மட்டுமல்லாமல் வளைவும் ஒவ்வொரு புள்ளியிலும் தாவாமல் தொடர வேண்டும் என்பது. கப்பல் கட்டுவோர் மெல்லிய மரச்சட்டத்தை ஆணிகளுக்கு நடுவே வளைத்து வைத்துக் கோடு வரைந்த முறையிலிருந்து வந்த பெயர் அது. சட்டம் எங்கும் திடீரென்று வளையாது. வளைவு தொடர வேண்டுமானால் எல்லாப் புள்ளிகளின் சாய்வுகளையும் சேர்த்து ஒரே சமன்பாட்டுத் தொகுதியாகத் தீர்க்க வேண்டும். அதனால் மாலையில் கொட்டிய 60 மி.மீ. காலைத் துண்டின் சாய்வைக்கூடத் தொட்டுவிடுகிறது.

மூன்று மணி நேரத்தை ஒரு கட்டம் என்று வைத்துக்கொண்டு சாய்வுகளைக் கட்டத்துக்கு இத்தனை மி.மீ. என்று சொல்கிறேன். ஐந்து கட்டங்களின் சராசரிச் சாய்வு முறையே 2, 2, 60, 2, 0. ஸ்ப்லைன் கணக்கைத் தீர்த்தால் 11.30 மணிப் புள்ளிக்கு மைனஸ் 8.5 என்றும் 2.30 மணிப் புள்ளிக்கு 38.8 என்றும் சாய்வு வருகிறது. இருபுறமும் சராசரி 2 என்று அமைதியாக இருக்கும் 11.30 மணிப் புள்ளியில் கோடு கீழ்நோக்கிக் கடக்கிறது. அடுத்த புள்ளியில் அவ்வளவு செங்குத்தாக ஏறி வர வேண்டும் என்பதால், வளைவு தாவாமல் இருக்க, முன்பே கீழே பதுங்கிக்கொள்கிறது. வாசகர் ஒரு தாளில் இதைச் சரிபார்க்கலாம். ஒரு கட்டத்தின் நட்ட நடுவே முப்படிக் கோவையின் உயரம் என்பது இரு முனை உயரங்களின் சராசரியோடு, தொடக்கச் சாய்வில் முடிவுச் சாய்வைக் கழித்து எட்டால் வகுத்ததைக் கூட்டியது. இங்கே 3-உடன் (−8.5 − 38.8)/8 கூட வேண்டும். அது மைனஸ் 5.9. பகல் ஒரு மணிக்கு மொத்த மழை மைனஸ் 2.9 மி.மீ.

சாய்வு எந்த அளவைத் தாண்டினால் கோடு பின்வாங்கும்? இதற்குத் துல்லியமான விடை இருக்கிறது. அந்த விடையைக் கண்ணால் காணும்படி விளங்கிக்கொள்ள முடியும் என்பதுதான் இந்தப் பகுதியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

ஒரு பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். 20 கி.மீ. தொலைவை ஒரு மணி நேரத்தில் கடக்க வேண்டும், கூடவும் கூடாது குறையவும் கூடாது. சராசரி வேகம் 20. முதல் ஊரைக் கடக்கும்போது என்ன வேகம், கடைசி ஊரைக் கடக்கும்போது என்ன வேகம் என்றும் முன்பே விதித்துவிடுகிறோம். தொலைவும் நேரமும் மாறாதவை என்பதால், முனைகளில் விரைவாகப் போனால் நடுவே மெதுவாகப் போய்த்தான் ஈடுகட்ட முடியும். முப்படிக் கோவையில் இந்த ஈடுகட்டல் ஒரு சிறு சூத்திரத்தில் அடங்குகிறது: நடு வேகம் என்பது சராசரி வேகத்தின் ஒன்றரை மடங்கில், இரு முனை வேகங்களின் கூட்டுத்தொகையில் கால் பங்கைக் கழித்தது. இரு முனைகளிலும் 20 என்றால் நடுவிலும் 30 − 10 = 20. இரு முனைகளிலும் 60 என்று விதித்தால் நடு வேகம் 30 − 30 = 0, பேருந்து ஒரு கணம் நின்று கிளம்புகிறது. 80 என்று விதித்தால் 30 − 40 = −10. பேருந்து பின்னோக்கி வந்துதான் கணக்கை நேர்செய்ய முடியும்.

எல்லை எங்கே இருக்கிறது என்பது இதில் தெரிகிறது. இரு முனைச் சாய்வுகளும் அந்தக் கட்டத்தின் சராசரிச் சாய்வைப்போல் மூன்று மடங்குக்குள் இருந்தால், கழித்தல் குறி இல்லாமல் இருந்தால், கோடு அந்தக் கட்டத்துக்குள் எங்கும் பின்வாங்காது. இரு முனைகளும் ஒரே அளவாக இல்லாவிட்டாலும் இந்த விதி பொருந்தும். மூன்று மடங்கைத் தாண்டினாலே தவறு என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு முனையில் சராசரி அளவும் மறுமுனையில் அதன் நான்கு மடங்கும் வைத்தால்கூடக் கோடு பின்வாங்காமல் மயிரிழையில் தப்பிவிடும். சராசரியை 1 என்று வைத்துக்கொண்டால், அங்கே வேகத்துக்கான கோவை (1 − 3t)² என்று வருகிறது. வர்க்கம் என்பதால் அது சுழிக்குக் கீழே போகாது. ஆனால் அத்தகைய விளிம்புச் சேர்க்கைகள் சிலவே. மூன்று மடங்கு என்பது யோசிக்காமல் நம்பக்கூடிய எல்லை.

நம் மழைக்கணக்கில் 11.30 முதல் 2.30 வரையிலான கட்டத்தின் சராசரி 2. ஆக 2.30 மணிப் புள்ளியில் 6 வரை போகலாம். ஸ்ப்லைன் வைத்ததோ 38.8. எங்கே தவறு நடந்தது என்று இந்த ஒரே ஒப்பீடு காட்டிவிடுகிறது.

இந்த எல்லையை முழுமையாக வரைந்து, அதைக் கொண்டு ஒரு செய்முறையையும் தந்தவர்கள் ஃப்ரிட்ச், கார்ல்சன் என்ற இருவர். அவர்களுடைய கட்டுரை 1980-ல் வெளிவந்தது. ஃப்ரிட்ச் கலிபோர்னியாவில் உள்ள லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் பணிபுரிந்தவர். அந்தக் கட்டுரையில் சோதனைக்கு எடுத்துக்கொண்ட எண்வரிசைகளில் ஒன்று அந்த ஆய்வகத்தின் கதிரியக்க வேதியியல் கணக்குகளிலிருந்து வந்தது. ஒன்பதே புள்ளிகள். மதிப்பு சுழியில் தொடங்கி, நடுவே சட்டென்று எழும்பி, கடைசியில் 0.999994-இல் போய் நிற்கிறது. ஒன்றை நெருங்கலாம், தாண்டக் கூடாத வகை எண்கள். ஸ்ப்லைன் அங்கே ஒன்றைத் தாண்டிக் குதிக்கிறது. மழையில் நாம் கண்ட அதே நோய்தான்.

அவர்கள் தந்த வைத்தியம் இப்படி. முதலில் ஏதாவது ஒரு நியாயமான விதியில் சாய்வுகளை வைத்துக்கொள். பிறகு கட்டம் கட்டமாகப் போய், இரு முனைச் சாய்வுகளும் சராசரிக்கு எத்தனை மடங்கு என்று பார். அந்த இரு மடங்குகளின் வர்க்கங்களைக் கூட்டினால் 9-ஐத் தாண்டுகிறதா? தாண்டினால் இரண்டையும் ஒரே விகிதத்தில் சுருக்கி 9-க்குள் கொண்டுவா. நம் எண்களில் செய்து பார்ப்போம். இருபுறச் சராசரிகளின் சாதாரணச் சராசரியைத் தொடக்கச் சாய்வாக எடுத்தால் 11.30-க்கு 2, 2.30-க்கு (2 + 60)/2 = 31. கட்டத்தின் சராசரி 2 என்பதால் மடங்குகள் 1, 15.5. சுருக்கிய பிறகு சாய்வுகள் 0.39, 5.99 என்று ஆகின்றன. கோடு இப்போது பின்வாங்காது. ஆனால் ஒரு குறை தெரிகிறது. 2.30 மணிப் புள்ளியின் அத்துமீறலுக்காக, எந்தத் தவறும் இல்லாத 11.30 மணிப் புள்ளியின் சாய்வும் 2-இலிருந்து 0.39-க்கு இறக்கப்பட்டுவிட்டது. அமைதியாகத் தூறிக்கொண்டிருந்த இடத்தில் மழை கிட்டத்தட்ட நின்றுவிட்டதாகக் கோடு சொல்கிறது.

இன்று புழக்கத்தில் இருக்கும் வழி இன்னும் எளிது. அதில் பட்லண்ட் என்பவரின் யோசனை இருக்கிறது. ஃப்ரிட்சும் அவரும் சேர்ந்து 1984-ல் அதைச் செம்மைப்படுத்தினார்கள். புள்ளியின் இருபுறமும் உள்ள சராசரிச் சாய்வுகளை a, b என்று வைத்துக்கொண்டால், புள்ளியின் சாய்வு அவற்றின் இசைச் சராசரி:

```
d = 2ab / (a + b)
```

இரண்டில் ஒன்று சுழி என்றாலோ, ஒன்று ஏற்றமும் மற்றது இறக்கமும் என்றாலோ, d = 0. அவ்வளவுதான் விதி.

இதன் அழகு இசைச் சராசரியின் குணத்தில் இருக்கிறது. சாதாரணச் சராசரி பெரிய எண்ணின் பக்கம் இழுபடும், 2-க்கும் 60-க்கும் 31. இசைச் சராசரி சிறிய எண்ணை விட்டு அகலாது, 2-க்கும் 60-க்கும் 240/62, அதாவது 3.87. அந்த 60-க்குப் பதில் ஆறாயிரம் வைத்தாலும் அது 4-ஐத் தொடாது. ஏனென்றால் 2ab/(a + b) என்பதில் b/(a + b) எப்போதும் ஒன்றுக்குள் இருப்பது, ஆகவே d எப்போதும் 2a-க்குள்தான். அதே காரணத்தால் 2b-க்குள்ளும்தான். சிறியதன் இரண்டு மடங்கைத் தாண்டாத சாய்வு, எந்தப் பக்கத்துக் கட்டத்திலும் மூன்று மடங்கைத் தாண்ட வழியே இல்லை. எல்லையைச் சோதித்துத் திருத்தும் வேலையே வேண்டியதில்லை. அளவெடுத்த நேரங்களுக்கு இடையே இடைவெளி ஒரே சீராக இல்லாவிட்டால், இடைவெளிகளுக்கு ஏற்ற எடையோடு இசைச் சராசரி எடுப்பார்கள். அந்த எடைகளும் மூன்று மடங்கு எல்லைக்குள் நிற்கும்படிதான் அமைக்கப்பட்டவை.

மழைக்குப் போட்டுப் பார்க்கலாம். 11.30-க்கு இருபுறமும் 2, சாய்வும் 2. 2.30-க்கு 3.87. மாலை 5.30-க்கு 60-ம் 2-ம், மீண்டும் 3.87. இரவு 8.30-க்கு 2-ம் சுழியும், ஆகவே சாய்வு சுழி. இரு ஓரப் புள்ளிகளுக்கும் தனி விதி இருக்கிறது. அது இங்கே முதல் புள்ளிக்கு 2, கடைசிப் புள்ளிக்குச் சுழி என்று தருகிறது. இப்போது பகல் ஒரு மணிக்கு மொத்தம் 3 + (2 − 3.87)/8, அதாவது 2.8 மி.மீ. இரவு ஏழு மணிக்கு 65.5. எட்டரைக்குப் பிறகு கோடு 66-இலேயே படுத்துவிடுகிறது. சுழிக்குக் கீழும் இல்லை, 66-க்கு மேலும் இல்லை.

இன்னொரு நன்மையும் உண்டு, வேலை செய்பவர்கள்தான் அதன் அருமையை அறிவார்கள். ஒவ்வொரு சாய்வும் பக்கத்து இரண்டு கட்டங்களை மட்டுமே பார்க்கிறது. ஓர் அளவைத் தவறாகப் பதிவுசெய்து பிறகு திருத்தினால், அதன் அக்கம்பக்கத்தில் இருபுறமும் இரண்டு கட்டங்கள் வரைதான் கோடு மாறும். ஸ்ப்லைனில் ஒரு புள்ளியை அசைத்தால், எவ்வளவு சிறிதாக இருந்தாலும், கோடு முழுவதும் அசையும். ஆண்டு முழுவதற்குமான பதிவை வைத்துக்கொண்டு வேலை செய்யும்போது இந்த வேறுபாடு பெரிது.

மேட்லேப் மென்பொருளில் இது `pchip` என்ற பெயரில் இருக்கிறது. பைத்தானில் சைபை நூலகத்தில் `PchipInterpolator`. இரண்டையும் அருகருகே ஓட்டிப் பார்க்க விரும்புவோருக்கு:

```python
import numpy as np
from scipy.interpolate import CubicSpline, PchipInterpolator

t = [8.5, 11.5, 14.5, 17.5, 20.5, 23.5]
y = [0, 2, 4, 64, 66, 66]
g = np.linspace(8.5, 23.5, 901)

for f in (CubicSpline(t, y, bc_type="natural"),
          PchipInterpolator(t, y)):
    print(f(g).min(), f(g).max(), f(g, 1).min())
```

நிமிடத்துக்கு ஒருமுறை கோட்டை வாசித்து, மிகக் குறைந்த மதிப்பு, மிகக் கூடிய மதிப்பு, மிகக் குறைந்த சாய்வு ஆகிய மூன்றையும் இது அச்சிடும். ஸ்ப்லைனுக்குச் சுமார் −3.1, 71.3, −4.0. மூன்றாவது எண்ணின் பொருள், இரவு எட்டு மணியை ஒட்டி மணிக்கு 4 மி.மீ. வேகத்தில் மழை திரும்பிப் போகிறது என்பது. இரண்டாவது கோட்டுக்கு 0, 66, 0. யாராவது வளைகோடு போட்ட எண்களை உங்கள் கையில் கொடுத்தால் முதலில் அந்த மூன்றாவது எண்ணைக் கேளுங்கள். உயரத்தை மட்டும் பார்த்தால் பல நேரம் ஏமாந்துபோவோம். கோடு சுழிக்குக் கீழே போகாமலேயே நடுவில் எங்கோ சற்று இறங்கி ஏறியிருக்கும், வரைபடத்தில் கண்ணுக்கும் தெரியாது. சாய்வு சுழிக்குக் கீழே போயிருந்தால் ஒளிய முடியாது. கடைசி எண் மைனஸ் குறியோடு, பத்து பதினைந்து சுழிகளுக்குப் பிறகு ஏதோ ஒரு சிறு இலக்கமாக வந்தால் மட்டும் பொருட்படுத்த வேண்டாம். அது கணிப்பொறி எண்களை முழுமையாக்கும்போது வரும் துகள்.

இதற்கெல்லாம் ஈடாக எதை இழந்தோம்? வளைவின் தொடர்ச்சியை இழந்தோம். இந்தக் கோட்டில் சாய்வு தாவாது, வளைவு ஒவ்வொரு புள்ளியிலும் தாவும். மழைக் கணக்குக்கு அதனால் ஒன்றும் ஆகாது. இயந்திரத்தில் சுழலும் கேமின் விளிம்பை இப்படி வடித்தால் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு சிறு இடி உணரப்படும், அங்கே ஸ்ப்லைனே தேவை. அளவுகள் நெருக்கமாகவும் அடியில் இருக்கும் நிகழ்வு மெல்ல மாறுவதாகவும் இருந்தால், ஸ்ப்லைன்தான் உண்மைக்கு அதிகம் நெருங்கும் என்பதையும் மறக்கக் கூடாது. அது தாண்டிக் குதிப்பது, அமைதியும் பாய்ச்சலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்போதுதான்.

பொறியாளர் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் வேறு ஒன்று. கோடு பின்வாங்கவில்லை என்பதாலேயே அது சொல்லும் வேகம் உண்மை என்று ஆகிவிடாது. பிற்பகல் 2.30 முதல் 5.30 வரை பெய்த 60 மி.மீ. சராசரியில் மணிக்கு 20 மி.மீ. நம் கோட்டில் இரு முனைச் சாய்வுகளும் மிகச் சிறியவை என்பதால், பேருந்துக் கணக்கின்படி நடு வேகம் ஒன்றரை மடங்கை எட்டுகிறது: மாலை நான்கு மணிக்கு மணிக்கு 29 மி.மீ. ஸ்ப்லைனைக் கேட்டால் அதே நேரத்தில் 23.5 என்கிறது. இரண்டில் எது சரி? இரண்டுமே மழையைப் பார்க்கவில்லை. உண்மையில் அந்த 60 மி.மீ.-இல் பெரும்பகுதி முக்கால் மணி நேரத்தில் கொட்டியிருக்கலாம். அப்படியென்றால் வாய்க்கால் தாங்க வேண்டிய வேகம் இரண்டையும்விடப் பல மடங்கு பெரிது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்த எண்களிலிருந்து எந்தச் சூத்திரமும் அதைத் தோண்டி எடுக்க முடியாது. அதற்குச் சிறு இடைவெளியில் பதிவுசெய்யும் தானியங்கி மழைமானியின் பதிவைத்தான் கேட்டு வாங்க வேண்டும். மொத்தம் எங்கும் குறையாது, எங்கும் அளவு மீறாது என்பது மட்டுமே இந்த முறை தரும் உறுதி.

இந்த வகைக் கோடுகள் ஆய்வகத்தோடு நின்றுவிடவில்லை. இணையப் பக்கங்களில் வரைபடம் போட உதவும் டி3 நூலகத்தில் `curveMonotoneX` என்று ஒரு தேர்வு உண்டு. அது ஸ்டெஃபென் என்பவர் 1990-ல் வானியல் இதழ் ஒன்றில் தந்த சாய்வு விதி. சார்ட்.ஜேஎஸ் நூலகத்திலும் `monotone` என்ற தேர்வு இருக்கிறது. செய்தித்தளங்களில் மொத்த எண்ணிக்கையைக் காட்டும் வரைபடம் ஓரிடத்தில் தொய்ந்து ஏறினால், வரைந்தவர் இந்தத் தேர்வைப் போட மறந்திருக்க வாய்ப்பு அதிகம்.

மறுபக்கமும் உண்டு. ஏறவும் இறங்கவும் உரிமை உள்ள எண்களுக்கு இந்த முறையைப் போட்டால் அது உச்சிகளை வெட்டிவிடும். விதியை மறுபடி பாருங்கள்: ஏற்றமும் இறக்கமும் சந்திக்கும் புள்ளியில் சாய்வு சுழி. ஆகவே கோட்டின் உச்சி எப்போதும் ஓர் அளவுப்புள்ளியிலேயே இருக்கும், அளந்த எண்ணைவிட ஒரு துளியும் மேலே போகாது. அதே நிலையத்தின் வெப்பநிலையை எடுத்துக்கொள்வோம். காலை 8.30-க்கு 31 டிகிரி, 11.30-க்கு 34, பிற்பகல் 2.30-க்கும் 34, மாலை 5.30-க்கு 31. நடுக் கட்டத்தின் சராசரிச் சாய்வு சுழி, ஆகவே அதன் இரு முனைகளிலும் சாய்வு சுழி. 11.30 முதல் 2.30 வரை வெயில் ஒரே 34-இல் அசையாமல் நின்றதாகக் கோடு சொல்லும். இருபுறச் சராசரிகளின் சாதாரணச் சராசரியைச் சாய்வாக வைத்திருந்தால் முனைகளில் 1.5, −1.5 என்று வந்து, பகல் ஒரு மணிக்கு 34.4 என்று ஓர் உச்சி கிடைத்திருக்கும். நண்பகல் தாண்டிய நேரத்தில் வெயில் ஏறி இறங்கும் இயல்பை அறிந்தவர்கள் இரண்டாவதைத்தான் ஏற்பார்கள். மழையில் தீங்கு செய்த அதே துள்ளல் இங்கே உண்மைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடுகிறது.

ஆனால் அந்த 34.4-உம் ஊகமே. வானிலை நிலையங்களில் சாதாரண வெப்பமானியோடு உச்ச வெப்பமானி ஒன்றையும் தனியாக வைத்திருப்பது இதனால்தான். அதன் பாதரசம் ஏறிய இடத்திலேயே நின்றுவிடும், வந்து பார்ப்பவர் அன்றைய உச்சத்தை அப்படியே வாசித்துக்கொள்ளலாம். அந்த ஒரு எண் கையில் இருந்தால், எந்தச் சாய்வு விதி அந்த நாளுக்குப் பொருந்தியது என்று உடனே சரிபார்த்துவிடலாம்.